அம்மை கண்ட வீட்டின் விடுப்புக் கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதும்போது அம்மா இருந்தாள், நான் இருந்தேன், வேப்பிலைப் படுக்கையில் தங்கச்சி கண்ணை மூடிக் கிடந்தாள். அப்பா இல்லை. நாகலூர் எஸ்டேட்டில் காப்பிச்செடிக்குக் கவாத்து நடந்துகொண்டிருந்தது. கடிதம் என்னவோ அவர் பெயரில்தான் போக வேண்டும்.

தங்கச்சி ஏற்காடு டவுனில் மிஷன் பள்ளியில் ஏழாவது படித்தாள். எஸ்டேட் பிள்ளை என்பதால் பள்ளிக்கூடச் சம்பளத்தில் பாதி கட்டினால் போதும். தேறினால்தான் அந்தச் சலுகை தொடரும். முழுப்பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. அவளுடைய டீச்சருக்குத் தமிழ் பேச நன்றாக வரும், படிக்க வராது. அதனால் விடுப்புக் கடிதம் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நான்தான் எழுத வேண்டும்.

அம்மா சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தேன். "டீச்சரம்மாவுக்குக் கும்புடுங்க. பாப்பாவுக்கு மேலுக்கு முடியலைங்க. கோவிச்சுக்காம ரெண்டு வாரம் லீவு குடுக்கோணுமுங்க. பரிச்சைய அப்புறமா எழுதிக்குவாளுங்க."

கும்பிடு 'மரியாதைக்குரிய மேடம்' ஆயிற்று. 'கோவிச்சுக்காம' என்பதை அப்படியே எழுதினால் டீச்சரைக் கோபக்காரி என்று சொன்னது போலாகும். 'தயவுகூர்ந்து' என்று வருகிற இங்கிலீஷ் சொல்லைப் போட்டேன். பரீட்சைக்கு வேறொரு வாய்ப்பு தந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன் என்று முடித்தேன். என்ன நோய் என்று எழுதும் இடத்தில்தான் பேனா நின்றது.

"சின்னம்மைன்னு எழுதட்டுமாம்மா?"

அம்மா என் வாயைப் பொத்தினாள். "ஊட்டுக்கு வந்திருக்கிற ஆத்தாளை நோவுன்னு காகிதத்துல எழுதி ஊரெல்லாம் அனுப்புவியா? வேண்டாஞ்சாமி. மூணாந்தண்ணி ஊத்தி அவளை அனுப்பி வெக்கிற வரைக்கும் பேரெடுக்கக் கூடாது."

'உடல்நலமில்லை' என்று மட்டும் எழுதினேன்.

சாயங்காலம் வந்த அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். "ஏன்டா, இங்கிலீசுல நான் எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டராட்டம் தெரியறனா?"

"அதுக்கு மேலயே தெரியறீங்க."

"அப்ப சம்பளத்தையும் அப்படியே கேட்டு எழுதிரு" என்றார். அந்த வீட்டில் அந்த மாதம் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

மறுநாள் காலை பஸ்ஸில் போய்ப் பள்ளி வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் அதே கடிதத்தின் அடியில் டீச்சர் எழுதித் திருப்பி அனுப்பினார். விரைவில் குணமாகட்டும் என்று அன்பாகவே இருந்தது. பரீட்சை தவறுவதால் டாக்டர் சர்டிபிகேட் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தேறாதவர் கணக்கில் சேர்ந்துவிடுவாள் என்றும் இருந்தது.

டாக்டரிடம் எப்படிப் போவது? அம்மை கண்ட பிள்ளைக்கு எங்கள் வீட்டில் இளநீரும் வேப்பிலையும்தான். ஊசி போட்டால் ஆத்தாள் கோபித்துக்கொள்வாள்.

"வேற காகிதம் எழுதலாம்மா, உள்ளதைச் சொல்லி."

"தண்ணி ஊத்தட்டும் கண்ணு. அப்புறம் நானே வந்து டீச்சரம்மா கால்ல விழறேன்."

அப்பா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மழையில்லாத பனி எஸ்டேட் லைன் வீட்டுக் கூரையின் மேல் இறங்கிக் கிடந்தது. தங்கச்சி தூக்கத்தில் சரித்திரப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. அம்மா, நான், தங்கச்சி மூவரும் போனபோது தேறியவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தங்கச்சி அதை ஓடிப்போய்ப் பார்த்தாள். நடந்து திரும்பினாள்.

டீச்சர் அவள் முகவாயைத் தூக்கி வடுக்களைப் பார்த்தார். "இது சிக்கன்பாக்ஸ் அல்லவா?"

அம்மா கை கூப்பினாள். "ஆமாங்க. ஆத்தா வந்துட்டுப் போயிட்டாங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "லெட்டர் நல்லா இருந்தது தம்பி. இவ்வளவு பணிவா யாரும் எனக்கு எழுதினதில்லை. ஆனா இந்த ஒண்ணைச் சொல்லலையே. அம்மைன்னு தெரிஞ்சா இங்கே யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டோம். தனியாப் பரீட்சை வைப்போம்." குரலைத் தாழ்த்தினார். "இவ பெஞ்சுல இருந்த ரெண்டு ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு இப்ப வந்திருக்கு. முன்னாலேயே தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு பேரையும் தனியா வெச்சிருப்போம்."

எங்களுக்காகத் தலைமை அம்மாவின் அறைக்குப் போனார். வெளியே வந்தபோது முடியாது என்று தலையை அசைத்தார். மறைத்த வீட்டுக்கு விலக்கு கொடுத்தால் ஹாஸ்டல் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார்களாம்.

அம்மா யார் காலிலும் விழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மரியாதையாத்தான எழுதுன?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பின்ன ஏனுங்க சாமி?" என்றாள். அது என்னைக் கேட்டதா, ஆத்தாளைக் கேட்டதா என்று தெரியவில்லை.

தங்கச்சி அதே ஏழாம் வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். சலுகை போயிற்று. முழுச் சம்பளம் கட்ட அப்பா கறவை ஆட்டைக் குட்டியோடு விற்றார். போதவில்லை. அம்மா காதுத்தோட்டைக் கழற்றினாள். எல்லாம் சேர்த்து அந்தக் காலத்து இருநூற்று நாற்பது ரூபாய்.