வெறும் ஹாய்க்குப் பதில் இல்லை

மலேசியாவில், புஞ்சாக் ஆலாமில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற தொழிற்சாலை ஒன்றில் உஷாராணிக்கு எட்டு வருஷமாக ஸ்டோரில் வேலை. வயது நாற்பத்து நான்கு. புருஷன் இல்லை. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போவாள். அட்டைப்பெட்டி எத்தனை இருக்கிறது, லேபிள் எத்தனை சுருள், டேப் எங்கே என்று எதைக் கேட்டாலும் ஏட்டைப் பார்க்காமல் சொல்லுவாள். எட்டு வருஷமும் ஒப்பந்தம்தான். வருஷா வருஷம் ஜூன் மாதம் கையெழுத்துக்குக் காத்திருப்பாள். இந்த வருஷம் நிரந்தர வேலைக்கு ஒரே ஒரு இடம், அது உனக்குத்தான், மே மாதக் கடைசியில் கடிதம் வரும் என்று முதலாளி லியோங் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அதன் பிறகு அவள் வாய்விட்டுச் சிரிக்கக்கூடப் பயந்தாள், கண் பட்டுவிடும் என்று.

அவளிடம் ஒரு குறை இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆட்கள் செய்தி அனுப்பிக்கொள்கிற கம்பெனி சேட்டில் யாரிடம் எதைக் கேட்பதென்றாலும் முதலில் 'ஹாய்' என்று மட்டும் அனுப்புவாள். அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் ஒரு ஹாய் வந்தால்தான் அடுத்தது. அடுத்ததும் விஷயம் இல்லை, 'பசியாறியாச்சா?' அதற்கும் பதில் வந்த பிறகுதான் பெட்டி இருநூறு குறைகிறது என்கிற சங்கதி வெளியே வரும். வேலையாக இருக்கிறவனிடம் எடுத்த எடுப்பில் விஷயத்தைக் கொட்டுவது அவளுக்கு மரியாதைக்குறைவு.

மேலே ஆபீஸில் உற்பத்தித் திட்டம் போடுகிற பவனேஷுக்கு இருபத்தெட்டு வயது. கெட்டிக்காரன், சுறுசுறுப்பானவன், ஈவிரக்கம் கொஞ்சம் மட்டு. உஷாராணியின் ஹாய் வந்து விழும்போதெல்லாம் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன வேண்டும் என்று தெரியாமல் பதில் எப்படிப் போடுவது? அவசரமா, அரட்டையா? கையிலிருக்கிற வேலையை நிறுத்துவதா, வேண்டாமா? அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருநாள் காலை எட்டு ஐந்துக்கு அவளிடமிருந்து ஹாய் வந்தது. அவன் எட்டு ஐம்பதுக்குத்தான் 'என்ன?' என்று கேட்டான். மூன்றாம் நம்பர் இயந்திரத்துக்கு லேபிள் தீர்ந்துவிட்டது என்பதுதான் விஷயம். அதற்குள் இயந்திரம் நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றைக்கே அவன் திட்டியிருந்தால் அவள் திருந்தியிருப்பாள், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அவன் திட்டவில்லை. தீபாவளி விருந்தில் பட்டுச்சேலை கட்டிக் கும்பிட்டபடி அவள் நின்ற படத்தை எடுத்து, கீழே பெரிய எழுத்தில் 'ஹாய்' என்று போட்டு வாட்சாப் ஸ்டிக்கர் செய்தான். ஒரு வாரத்தில் அது லோரி டிரைவர் வரைக்கும் போய்விட்டது. யாராவது தாமதமாக வந்தால் அந்த ஸ்டிக்கர். சாப்பாட்டு நேரமானால் அந்த ஸ்டிக்கர். கேட்டில் நிற்கிற காவலாளி அவளைக் கண்டால் கையைக் கூப்பி "ஹாய்" என்பான். அவளும் சிரித்து வைப்பாள். கடிதம் கைக்கு வருகிறவரை எல்லோரிடமும் நல்லபடியாக இருக்கவேண்டுமே.

அடுத்த வாரம் நோட்டீஸ் பலகையில் புது விதி வந்தது. எழுதியவன் பவனேஷ், கையெழுத்து லியோங். வெறும் ஹாய் அனுப்பினால் பதில் கிடையாது. வணக்கம், விஷயம், எப்போதைக்குள் வேண்டும், மூன்றும் ஒரே செய்தியில் வரவேண்டும். முக்கியமானது முதல் வரியில்.

பவனேஷ் ஸ்டோருக்கே வந்து பாடம் நடத்தினான். "அக்கா, ஸ்க்ரீன் ஓரத்துல ரெண்டு வரிதான் எட்டிப் பாக்கும். அந்த ரெண்டு வரியில விஷயம் இருக்கணும் லா. புரியுதா? சுத்தி வளைச்சு எழுதினா யாரும் படிக்கமாட்டாங்க."

"புரியுது தம்பி" என்றாள். நிஜமாகவே புரிந்துகொண்டாள். ஒரே மாதத்தில் அந்தக் கட்டடத்திலேயே அவளைப்போல் சுருக்கமாகச் செய்தி அனுப்ப ஆள் இல்லை என்றாகிவிட்டது. 'வணக்கம் தம்பி. லேபிள் நாலு சுருள்தான் இருக்கு, நாளை மதியத்துக்குள் வேணும்.' பவனேஷே மெச்சினான். ஸ்டிக்கர் மட்டும் நிற்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் குளிக்கும்போது இடது மாரில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். புற்று. சீக்கிரம் பார்த்துவிட்டதால் பயம் இல்லை, மே பதினான்காம் தேதி ஆபரேஷன், கட்டியை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அவள் கணக்குப் போட்டது வேறு. ஆபரேஷன் பதினான்கு. கடிதம் முப்பது. இடையில் பதினாறு நாள். அதற்குள் லியோங் காதுக்குப் போனால் கடிதம் வராது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சீக்காளியை நிரந்தரமாக்குகிற அளவுக்கு நல்லவரும் இல்லை. கடிதம் வந்துவிட்டால் கம்பெனி செலவில் வைத்தியம் பார்க்க மருத்துவ அட்டை கிடைக்கும், அடுத்த ஜூனில் யார் தயவும் வேண்டாம். பிறகு யாருக்குத் தெரிந்தால் என்ன?

உதவக்கூடியவள் ஒருத்திதான், லீவு விவகாரம் பார்க்கிற நித்தியா. ரகசியம் காப்பவள், நல்ல பெண். எம்.சி. என்று, அதாவது மருத்துவ விடுப்பு என்று, போடாமல் வருஷ லீவாகப் பதினைந்து நாள் கொடுத்துவிட்டால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நேரில் போய்ச் சொல்லலாமென்றால் நித்தியாவின் மேசை பவனேஷின் மேசையோடு ஒட்டிக் கிடந்தது. போனும் இருவருக்கும் நடுவில் ஒன்றே ஒன்று. நித்தியாவின் சொந்த நம்பர் அவளிடம் இல்லை. ஆக, சேட்தான் வழி.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நித்தியாவின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். உஷாராணி முதலில் ஹாய் என்றுதான் அடித்தாள். விரல் அப்படிப் பழகியது. பிறகு விதி ஞாபகம் வந்து அழித்தாள். நித்தியாவும் பதில் போடாமல் விட்டுவிட்டால்? வந்ததையே பார்க்காமல் போனால்? தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, கற்றுக்கொடுத்தபடியே முக்கியமானதை முதல் வரியில் வைத்தாள். 'வணக்கம் நித்தியா. எனக்கு மார்ல கேன்சர், 14ஆம் தேதி ஆபரேஷன். எம்.சி. வேணாம், வருஷ லீவு போட்டுக் குடும்மா. கடிதம் கைக்கு வர்ற வரைக்கும் பாஸுக்குத் தெரியக்கூடாது.' இரண்டு தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள். சில நொடியில் செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கண் அடையாளம் வந்தது. பார்த்துவிட்டாள். உஷாராணிக்குப் பல நாள் கழித்து மூச்சு ஒழுங்காக வந்தது.

பதில் வரவில்லை. கால் மணி போயிற்று, அரை மணி போயிற்று. யோசிக்கிறாள் போலும், எப்படிச் செய்வதென்று பார்க்கிறாள் போலும் என்று இவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டேப் சுருள்களை அடுக்கினாள். பதினொன்றுக்கு மாலா வந்தாள். தரம் பார்க்கிற பகுதியில் வேலை, செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களுக்கு மேலே போய்வருகிறவள். அவள் முகமே சரியில்லை.

"அக்கா, நித்தியாவுக்கு என்னமோ அனுப்பினீங்களா?"

உஷாராணி கையிலிருந்த டேப் சுருளைக் கீழே வைத்தாள்.

"அவ லேப்டாப்பத்தான் அக்கா கம்பி போட்டுப் பெரிய டிவியில காட்டிக்கிட்டிருந்தாங்க. வருகைக் கணக்கு. உங்க மெசேஜ் ஓரத்துல எட்டிப் பாத்துச்சு. அவ பதறிப்போயி அத மூடப் போறேன்னு அதுமேலயே கிளிக் பண்ணிட்டா. முழுசும் திறந்துக்கிச்சு."

"யார் யாரு இருந்தாங்க?"

"எல்லாரும்தான்."

"பாஸு?"

மாலா ஆமென்று தலையாட்டினாள். உஷாராணி ஒரு சின்ன நூலைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தமிழ் தெரியாதே?"

மாலா சொல்ல மனசில்லாமல்தான் சொன்னாள். கேன்சர் என்கிற வார்த்தை லியோங்குக்குப் புரிந்திருக்கிறது. யாருக்கு, என்ன சங்கதி என்று கேட்டிருக்கிறார். நித்தியா குடும்ப விஷயம் பாஸ் என்று சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள். பவனேஷ் விடவில்லை. ஒரு வரி மிச்சம் வைக்காமல் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். பாஸுக்குத் தெரியக்கூடாது என்றிருந்ததையும் சேர்த்து. அதற்கு இரண்டு பேர் சிரித்தார்களாம்.

மதியம் லியோங் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் கொடுத்தார், மலாய் மொழியில் ரொம்ப அன்பாகப் பேசினார். உடம்புதான் முக்கியம், முதலில் குணமாகு. எம்.சி.யே எடுத்துக்கொள், தப்பில்லை. நிரந்தர இடத்தைக் காலியாகப் போட்டுவைக்க முடியாது, இப்போதைக்குத் தீபனுக்குக் கொடுக்கிறோம், உன்னுடையதை அடுத்த வருஷம் பார்ப்போம். என்னிடம் மறைக்க நினைத்ததுதான் கொஞ்சம் வருத்தம் என்றார். தீபன் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். ஜூன் கையெழுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. "தெரிமா காசே பாஸ்" என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். சொன்ன வாயை அவளுக்கே அறையவேண்டும் போலிருந்தது.

நித்தியா கழிவறையில் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவள் கீழே வரவில்லை. பவனேஷ் வந்தான். அவனுக்கு ஏற்றுமதிப் பெட்டி வேண்டியிருந்தது. அவன் குரலில் நிஜமான அக்கறை இருந்தது, அதுதான் பொறுக்கமுடியாதது.

"சாரி அக்கா. பாஸ் நேரடியா கேட்டாரு, பொய் சொல்ல முடியுமா?"

"முடியாதுதான் தம்பி."

"ஆனா உங்க மேலயும் தப்பு இருக்கு. எதையெதை எப்படி அனுப்பணும்னு ஒரு முறை இல்லையா? இந்த மாதிரி பெர்சனல் விஷயத்தையெல்லாம் யாராவது எடுத்தவுடனே கொட்டுவாங்களா?" அவன் பொறுமையாக, பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னான். "முதல்ல ஒரு ஹாய் போட்டு, அவ ஃப்ரீயான்னு கேட்டுக்கிட்டு, அப்புறம் அனுப்பியிருக்கலாம்ல?"

பக்கத்தில் பெட்டி கிழிக்கிற கத்தி கிடந்தது, உஷாராணி அதை ஒருமுறை பார்த்தாள். ஜூனுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அந்த ஒப்பந்தக் கையெழுத்தும் அவள் வேலையைப் பற்றி இவன் எழுதித்தரும் அறிக்கையைப் பார்த்துத்தான் விழும்.

"சரி தம்பி, இனிமே அப்படியே செய்யறேன்" என்றாள். "பெட்டி எத்தனை வேணும்?"