எழுபத்தைந்துக்கு மேல்

சித்தூரில் ஒரு தனியார் கல்லூரி விடுதியின் சமையற்கட்டை மேற்பார்க்கிறாள் தாட்சாயணி. மாதம் இருபத்திநாலாயிரம் சம்பளம். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு கம்பெனியின் டைரக்டர். குடிபாலா பக்கம் மாம்பழக் கூழ் தயாரிக்கிற தொழிற்சாலை; கணவன் கோவர்த்தனன் நடத்தினான், அவள் காசோலைகளில் கையெழுத்துப் போட்டாள். வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீனாகவும் கையெழுத்துப் போட்டாள். எத்தனை காகிதம் என்று அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை.

கோவர்த்தனன் ஒரு சித்திரை மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு வருடத்தில் கம்பெனி மூழ்கியது. தொழிற்சாலையை ஏலம் விட்டார்கள். ஏலப் பணம் போதவில்லை. மீதியை ஜாமீன் போட்டவளிடம் கேட்டு வங்கி தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பாயம் மனுவை ஏற்று, கடன்காரர்களையும் அவளையும் ஒரு ஏற்பாட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பைத் திருப்பதியைச் சேர்ந்த ஸ்ரீனிவாசராகவன் என்பவரிடம் கொடுத்தது. அந்த வேலை பார்ப்பவரை எல்லோரும் ஆர்.பி. என்று சொன்னார்கள். தெருவில் பேசினவர்களுக்கோ அந்த நுணுக்கம் வேண்டியிருக்கவில்லை. தாட்சாயணி ஐ.பி. கொடுத்துவிட்டாள், திவால் என்று முடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். விடுதி வாசலில் யாராவது பைக்கை நிறுத்தினால் அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொள்வாள்.

திருப்பிச் செலுத்தும் திட்டத்தை ஸ்ரீனிவாசராகவன் உதவியோடு அவளே தயாரித்தாள். குடிபாலாவில் அவள் பேரில் இருக்கிற நிலத்தை விற்றால் இருபது லட்சம். சம்பளத்திலிருந்து மாதம் ஒன்பதாயிரம், மூன்று வருடத்துக்கு. நகரியிலிருக்கும் தம்பி சீனு நாராயணவனத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று இருபத்தைந்து லட்சம் தருவதாகச் சொன்னான். அதற்குப் பதிலாகக் கடன்காரர்கள் அவளுடைய சித்தூர் வீட்டில் கை வைக்கக் கூடாது. கூட்டிப் பார்த்தால் நாற்பத்தெட்டு லட்சத்து இருபத்திநாலாயிரம். கடனோ ஒன்றரைக் கோடி. ரூபாய்க்கு முப்பத்திரண்டு பைசா.

கடன்காரர்களின் கோரிக்கைப் பட்டியல் வந்தபோதுதான் முதல் அடி விழுந்தது. வங்கி எண்பத்தெட்டு லட்சம். ஒரு நிதி நிறுவனம் முப்பத்தாறு. டப்பா சப்ளை செய்த வேலூர் அண்ணாதுரை இருபது. மாங்காய் கொடுத்த குடிபாலா ரத்தினம்மா ஆறு. இந்த நாலு பேருக்கும் எதிரே ஓட்டுச் சதவீதம் இருந்தது. கோவர்த்தனன் காலத்தில் சீனு கொடுத்திருந்த பதினெட்டு லட்சமும், திட்டத்தில் பங்கு வேண்டாம் என்று அவன் எழுதிக் கொடுத்த குறிப்போடு, பட்டியலில் இருந்தது. அதற்கு எதிரே சைபர்.

"அவர் உங்க சொந்தத் தம்பி இல்லையா? கடனாளியோட உறவுக்காரங்களுக்கு ஓட்டு கிடையாது. சட்டம் அப்படி," என்றார் ஸ்ரீனிவாசராகவன் போனில். கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களின் கடன் மதிப்பில் முக்கால் பங்குக்கு *மேல்* ஒப்புக்கொண்டால்தான் தீர்மானம் நிறைவேறும் என்றும் சொன்னார். தலை எண்ணிக்கை இல்லை, தொகைதான் எண்ணப்படும். தோற்றால் கடன்காரர்கள் அவளைத் திவாலாக அறிவிக்கக் கோரி மனுப் போடலாம். வீடும் அதில் போகும்.

சீனு ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தான். நிதி நிறுவனம் எதிர்க்கும் என்பது தெரிந்ததுதான். மீதி மூன்று பேரும் ஆதரித்தால் எழுபத்தாறு சதவீதம். ரத்தினம்மா வராமல் போனால் நூற்றி நாற்பத்திநாலு லட்சத்தில் நூற்றியெட்டு லட்சம். அவன் இரண்டு தடவை வகுத்தான்.

"கரெக்டா எழுபத்தஞ்சு, அக்கா. மேல கெடையாது. அந்தம்மா வந்தே ஆகணும். நீ போய்ப் பேசு," என்றான்.

அந்த ரத்தினம்மாவுக்குத்தான் தாட்சாயணி அதிகம் பயந்தாள். இரண்டு சீசன் மாங்காய் லாரி லாரியாகக் கொடுத்தவள். பணம் கேட்டு வந்தபோது சமாளிப்பதற்காகத் தன் பேரிலேயே புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தாள் தாட்சாயணி. பஸ் பிடித்து இரண்டு தடவை குடிபாலா போனாள். தோப்பு கேட் வரைக்கும் போய் நின்றாள். உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது. இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டாள். தம்பியிடம் ஆள் இல்லை என்று பொய் சொன்னாள்.

கூட்டம் திருப்பதியில், ஸ்ரீனிவாசராகவனின் அலுவலக மாடியில். காலை பதினொரு மணி. நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் லேப்டாப்போடு மினிட்ஸ் எழுதுகிற ஸுப்ரஜா. வங்கியின் சார்பில் மேனேஜர் திலீப், நிதி நிறுவனத்துக்காக ஒரு வக்கீல், வேலூரிலிருந்து அண்ணாதுரை. சீனு ஓட்டு இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். ரத்தினம்மாவின் நாற்காலி காலி.

ஸ்ரீனிவாசராகவன் ஒவ்வொரு கோரிக்கையையும் படித்து, ஏற்ற தொகையையும் ஓட்டுப் பங்கையும் சொன்னார். ஸுப்ரஜாவின் விசைப்பலகை டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றித்தான் என்று தாட்சாயணிக்குப் பட்டது.

வக்கீல் தெலுங்கில் தொடங்கினார். வீடு முப்பத்திரண்டு லட்சம் போகும், அதை விட்டுவிட்டு முப்பத்திரண்டு பைசாவுக்கு ஏன் தலையாட்ட வேண்டும் என்று கேட்டார். தங்கள் நிறுவனம் எதிர்த்தே ஓட்டுப் போடும் என்றார். திலீப் குறுக்கிட்டார். ஏலத்தில் எந்த வீடும் சொன்ன விலைக்குப் போனதில்லை, செலவும் வருடங்களும் போக என்ன மிஞ்சும் என்று தன் மேலிடம் கணக்குப் பார்த்துவிட்டது என்றார். ஆனால் ஒரு திருத்தம் கேட்டார்: தம்பி தருகிற இருபத்தைந்து லட்சம், தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்த தொண்ணூறு நாளுக்குள் முழுதாக வந்துவிட வேண்டும். திட்டத்தில் தவணையாக என்று இருந்தது.

"திருத்தத்துக்கு உங்க சம்மதம் வேணும்மா," என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

தாட்சாயணி தம்பியைப் பார்த்தாள். அவசரமாக விற்றால் மனை அடிமாட்டு விலைக்குப் போகும். அவன் ஒரு கணம் தரையைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தான். அவள் சம்மதம் என்றாள். திருத்தத்தையும் அவள் சம்மதத்தையும் ஸுப்ரஜா பதிவு செய்தாள்.

மணி பதினொன்றே முக்கால். ஓட்டெடுப்புக்குப் போகலாம் என்றார் வக்கீல். ரத்தினம்மா வரவில்லை, ஓட்டுப் பிரதிநிதியையும் நியமிக்கவில்லை, கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று சீனு கேட்டான். சீனுவுக்கு அதைக் கேட்க உரிமை இல்லை என்றார் வக்கீல். தக்க காரணம் இருந்தால் ஏழு நாள் வரை தள்ளிவைக்கத் தனக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஒருவர் தாமதமாக வருவார் என்ற எண்ணம் போதுமா என்று யோசிக்க வேண்டும் என்றார் ஸ்ரீனிவாசராகவன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாட்சாயணிக்குக் குடிபாலா தோப்புதான் நினைவுக்கு வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பத்தடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அதனால் வீடு போகப் போகிறது, தம்பி மனையை விற்றாலும் பிரயோஜனம் இல்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ரத்தினம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் மஞ்சள் பை, அதில் அந்தப் புரோநோட்டு. காணிப்பாக்கம் கூட்டு ரோடில் பஸ் நின்றுவிட்டதாம். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வந்த நேரம் பதினொன்று ஐம்பது என்று பதிந்தாள் ஸுப்ரஜா. அதுவரை நடந்ததை ஸ்ரீனிவாசராகவன் ரத்தினம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அவளுக்குச் சுமார் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரம் கிடைக்கும் என்பதையும் சொன்னார்.

ரத்தினம்மா அவரைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த தாட்சாயணியைப் பார்த்தாள்.

"ரெண்டு தபா தோப்பு கேட்டாண்ட வந்து நின்னுக்கினு இருந்தியே. பாத்துக்கினுதான் இருந்தேன். ஏம்மா உள்ள வர்ல?"



"பயமா இருந்துச்சுக்கா," என்றாள் தாட்சாயணி.

"எனக்கு இல்லியா? பூச்சி மருந்துக் கடக்காரன் துட்டு கேட்டு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னான். உரக்கடக்காரன் நின்னான். நான் எங்க போய் ஒளியறது?"

இந்த அம்மாள் எதிர்த்துத்தான் போடப் போகிறாள் என்று தாட்சாயணிக்கு நிச்சயமாகிவிட்டது.

ரத்தினம்மா ஆர்.பி.யிடம் திரும்பினாள். இது தோற்றால் தனக்கு என்ன வரும் என்று கேட்டாள். எவ்வளவு, எப்போது என்று தன்னால் சொல்ல முடியாது, எந்தப் பக்கம் போடச் சொல்லவும் தனக்கு உரிமை இல்லை என்றார் அவர். நிறைவேறி, தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டு, மூன்று வருடமும் ஒழுங்காகக் கட்டி முடித்தால் மீதிக் கடன் சட்டப்படி தீர்ந்துபோகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"மீதி நாலு லட்சமும் இல்லன்னு ஆயிடும்."

"ஆமாம்மா."

அவள் பையைத் திறந்து மூடினாள்.

"நான் சரின்னு போடறேன். ஆனா ஒண்ணு எழுதணும். மீதிய சட்டம் தள்ளுது, நான் தள்ளல. ரத்தினம்மா மன்னிச்சுட்டான்னு அந்தக் காகிதத்துல எங்கயும் வரக் கூடாது. இவ என் மாங்காய்க்குத் துட்டு குடுக்கலன்றது அப்பிடியே இருக்கணும்."

வக்கீல் இதெல்லாம் மினிட்ஸில் தேவையா என்றார். கடன்காரர் கூட்டத்தில் சொன்னதைப் பதிவதில் தவறில்லை, ஓட்டுக்கு அது நிபந்தனையாகாது, அவ்வளவுதான் என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

ஓட்டெடுப்பு நாலு நிமிடத்தில் முடிந்தது. வங்கி ஆதரவு. நிதி நிறுவனம் எதிர்ப்பு. அண்ணாதுரை கொஞ்ச நேரம் இழுத்தான், தன் டப்பாக்கள் எந்த விலைக்கு ஏலம் போயின என்று ஒரு பாட்டம் புலம்பினான், பிறகு ஆதரவு என்றான். ரத்தினம்மா ஆதரவு. ஸுப்ரஜா எழுதியதை உரக்கப் படித்து, ரத்தினம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னாள்: கூட்டத்துக்கு வந்து வாக்களித்தோரின் கடன் மதிப்பு ஒரு கோடியே ஐம்பது லட்சம், ஆதரவு ஒரு கோடியே பதினாலு லட்சம், எழுபத்தாறு சதவீதம், எதிர்ப்பு முப்பத்தாறு லட்சம், இருபத்திநாலு சதவீதம், கடனாளியின் சம்மதத்தோடு செய்த திருத்தத்துடன் திட்டம் நிறைவேறியது. அதன் கீழே தனிப் பத்தியாக ரத்தினம்மா சொன்னது, கிட்டத்தட்ட அவள் வார்த்தையிலேயே.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். தாட்சாயணி ரத்தினம்மாவின் பின்னால் படிக்கட்டு வரை போனாள். ரத்தினம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மினிட்ஸ் ஆர்.பி.யின் அறிக்கையோடு தீர்ப்பாயத்துக்குப் போனது. ஐந்து மாதம் தாட்சாயணி சரியாகச் சாப்பிடவில்லை. நிதி நிறுவனம் ஆட்சேபம் போட்டது. எழுபத்தாறு சதவீதத்தைக் காட்டித் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டு ஒப்புதல் கொடுத்தது. சீனு மனையை இரண்டு லட்சம் நஷ்டத்தில் விற்றான், மீதிக்குக் கைமாற்று வாங்கிக் கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது பணம் கட்டினான். அதைப் பற்றி அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நிலமும் போயிற்று.

இப்போது பதினாலு தவணை கட்டியிருக்கிறாள். ஒரு தவணை தவறினாலும் எல்லாம் கவிழ்ந்துவிடுமோ என்று சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுகிறாள். மினிட்ஸ் நகல் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. எழுபத்தாறு என்ற எண்ணை அவள் தேடிப் படிப்பதில்லை. அந்தத் தனிப் பத்தியைத்தான் படிக்கிறாள். படிக்கும்போது பயமாக இருக்கும், ஆனாலும் படிப்பாள்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை குடிபாலா பஸ்ஸில் ஏறினாள். கையில் பணம் இல்லை. தவணைக்கு மேல் ஒருவருக்கு மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று ஆர்.பி. சொல்லியிருந்தார். தோப்பு கேட் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ரத்தினம்மா வரப்பில் உட்கார்ந்து மருந்துத் தெளிப்பானின் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தாட்சாயணி கொஞ்சம் தள்ளி, தரையிலேயே உட்கார்ந்தாள்.