பாதி ஊக்கு

அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டு நடக்காத ஆள் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் கிடையாது. வார் முனையில் இருக்கும் குமிழ், ஓட்டையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிட்டால், அதைத் திரும்பக் கீழே தள்ளிக் குறுக்கே ஒரு ஊக்கு குத்திவிடுவார்கள். அதோடு மழைக்காலம் தாண்டிவிடும். கரும்பு வெட்டுகிறவனும் குத்துகிறான், வாத்தியாரும் குத்துகிறார். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. நான் பயப்படுகிறேன். அந்தச் சனியன்தான் எங்கள் அத்தாவின் காலைத் தின்றது.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பழைய செருப்பு வியாபாரம். சின்னசேலம் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வெங்காயத்துக்கும் பிளாஸ்டிக் சாமானுக்கும் பழைய செருப்பு வாங்குகிறவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சாணி, சேறு, செத்த கரப்பான் எல்லாம் சேர்ந்தே வரும். புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்த எனக்கு அந்தக் குவியல்தான் வேலை. வெட்கமெல்லாம் எனக்கு இல்லை. சோறு போட்டது அது.

கொட்டியதைப் பிரிப்போம். அடி தேயாமல் வார் மட்டும் போனதைத் தனியே எடுத்துக் கழுவி, வேறு வார் மாட்டி, விட்டுப்போன இடத்தில் சொல்யூஷன் பசை தடவி, ஓரம் தைத்து, மலைமேல் வெள்ளிமலைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்போம். குதிகால் பள்ளமாகிப்போன ரப்பர் செருப்பு அரைவைக்கு. அதிலிருந்து வாரைப் பிடுங்கிவிட வேண்டும். வார் பெரும்பாலும் பிளாஸ்டிக். ரப்பரோடு கலந்தால் சரக்கு கெட்டுவிடும். நகத்தால் அழுத்திப் பார்த்துப் பள்ளம் அப்படியே நின்றால் அது பஞ்சுச் செருப்பு, அதுவும் வேறு குவியலுக்கு. மிச்சத்தைக் கழுவிக் காயவைத்து, துண்டு போட்டு, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு அரைத்துச் சலித்தால் தூள் கிடைக்கும். தூளைக் கம்பெனிக்காரன் எடுத்துப் போய்ப் புது ரப்பரோடு கலந்து மறுபடி செருப்பு அட்டை போடுவான், கால்மிதி போடுவான்.

தூளில் இரும்பு இருக்கக் கூடாது. ஒருமுறை ஊக்குத் துணுக்குகள் போய், கம்பெனிக்காரன் முழு லோடையும் திருப்பி எங்கள் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அத்தாவுக்கு ஊக்கு என்றாலே வெறி. நைனார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து செருப்பு பிரிக்கிற பெண்களை அவர் திட்டாத நாள் இல்லை. அதில் மூத்த அக்கா ஒருத்தி மட்டும்தான் திருப்பிப் பேசுவாள்.

"கண்ணு பொடனியிலியா இருக்குது? இந்தா பாரு, ஊக்கோட போட்டிருக்கிற" என்பார் அத்தா.

"இருக்கட்டும் பாய். வூட்டுக்கு எடுத்துக்கினு போயி ஜாக்கெட்டுக்குக் குத்திக்கிறேன். நீங்க வாங்கித் தரப் போறதில்ல" என்பாள். மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அத்தாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு நிற்பார், தெரியாது. எங்கள் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் அவருக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார்கள். மேலே கறுப்பாக மெத்தென்ற ரப்பர், கீழே கெட்டி அடி, பின்னாலும் வார். ஆணி கிடையாது, எல்லாம் தையலும் பசையும்தான். கொடுத்த டாக்டரம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் காலில் ஒரு ஆணி ஏறினால் உங்களுக்குத் தெரியாது, தெரியும்போது கால் இருக்காது என்றார். அத்தா தலையாட்டினார். தொழிலே செருப்பு என்பதால் எல்லாம் தனக்குத் தெரியும் என்கிற தலையாட்டல்.

அந்த முகாம் மறுபடி வரவில்லை. செருப்பு தேய்ந்தது. ஒரு சாயங்காலம் வலது கால் முன்வார் தையல் விட்டு வெளியே வந்துவிட்டது. நான் தைத்துத் தருகிறேன், பசை நன்றாகக் காய வேண்டும், இரண்டு நாள் கொட்டகைக்கு வராதீர்கள் என்றேன். மறுநாள் காலை கம்பெனி லாரி வருகிறது, தூளில் காந்தம் ஓட்ட வேண்டும், வேறு யாரையும் நம்ப முடியாது என்றார். சண்டை போட்டேன். காலையில் எனக்குச் சந்தைக்கு முதல் பஸ். மூட்டையோடு மலை ஏறிவிட்டேன்.

அன்று சந்தையில் நல்ல கூட்டம். மலையில் செருப்பு வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாக மடித்துப் பார்ப்பார்கள், வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார்கள். நான் தைத்தது பிய்ந்து வந்ததில்லை. கொண்டுபோனதெல்லாம் விற்று இறங்கி வந்தபோது அத்தாவின் செருப்பில் வார் ஒழுங்காக இருந்தது. எப்படி என்றேன். சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டேன் என்றார். லாரியும் போய்விட்டிருந்தது. சரக்கு சுத்தம் என்று கம்பெனிக்காரன் சொன்னதை இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் மதியம் அந்த அக்கா கூடையோடு நின்று தரையைப் பார்த்தாள். சிமெண்ட் தரையில் வாசலிலிருந்து அரைவை மெஷின் வரைக்கும் சிவப்புத் திட்டு.

"யாரு இங்க வெத்தல துப்பிக்கினே போனது?" என்றாள்.

யாருமே வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை. திட்டு ஒவ்வொன்றும் ஒரு எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது. முடிகிற இடத்தில் அத்தா நின்று மெஷினில் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதான். வலிக்கிறதா என்றேன். எதற்கு வலிக்க வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்ன குத்தியது என்று டாக்டர் கேட்டார். முள் என்றார் அத்தா, யோசிக்கக்கூட இல்லை. புண்ணைக் கழுவிக் கட்டு போட்டு, ஊசி போட்டு, காலை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். நான் மருந்து வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அத்தா படம் எடுக்கிற வரிசையிலிருந்து நழுவி வாசலுக்கு வந்துவிட்டார். முள் படத்தில் தெரியாதாம், வரிசையில் யாரோ சொன்னார்களாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்தக் காலைச் சுமந்துகொண்டு அவர் மறுபடியும் கொட்டகைக்குத்தான் போனார்.

எங்கள் கொட்டகையில் எப்போதும் ஒரு நாற்றம் உண்டு. ஊறிய செருப்பும் சூடான ரப்பரும் சேர்ந்த நாற்றம். உடம்பில் ஒட்டிக்கொண்டால் சோப்புக்குப் போகாது. கால் அழுகுகிற நாற்றத்தை அது மறைத்துவிட்டது. தினம் கட்டு மாற்றிய எனக்கே தெரியவில்லை. வீட்டில் ஒரு நாள் குளிர் நடுங்கிப் படுத்தார். போர்வையை விலக்கினேன். கால் கணுக்கால் வரை வீங்கி, தோல் கறுத்திருந்தது. அப்போதுதான் மூக்கில் ஏறியது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படுக்கையில் சேர்த்தார்கள். காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம், ஆனால் முள்ளுக்கு இவ்வளவு ஆகாதே என்று டாக்டர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அத்தா ஜுரத்தில் கண்ணைத் திறக்கவில்லை.

நான் கொட்டகைக்கு வந்தேன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கால் ஆறி வந்தால் போட்டுக்கொள்ளச் செருப்பு வேண்டுமே என்று, அந்தப் பழைய ஜோடியிலிருந்து மெத்து ரப்பரை மட்டும் உரித்தெடுத்து வேறு அடியில் வைத்துத் தைக்க நினைத்தேன். வலது செருப்பின் வாரைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. ஓங்கி இழுத்தேன். வாரோடு ஒரு ஊக்கு வந்தது.

பாதி ஊக்கு. தொப்பியும் ஒரு கம்பியும் இருந்தன. முனை உள்ள கம்பி, சுருளுக்கு மேலே முறிந்துபோயிருந்தது.

சொல்யூஷன் எதுவும் இல்லை. மெத்து ரப்பருக்குள் வார் முனையைச் சொருகி ஊக்கு குத்தி, வெளியே தெரியாமல் தொப்பியை உள்ளே அமுக்கியிருக்கிறார். எத்தனையோ செருப்புகளில் நாங்கள் பிடுங்கிப்போட்ட அதே வேலை. நடந்த நடையில் ஊக்கு திறந்துகொண்டு மேலே ஏறியிருக்கிறது. முறிந்த முனையைச் செருப்பில் தேடினேன், தரையில் தேடினேன், காந்தத்தை எடுத்து அவர் நடந்த இடமெல்லாம் ஓட்டினேன். அந்த அக்காவும் மண்டி போட்டுத் தேடினாள். காந்தத்தில் மண்ணும் துருவும் ஒட்டியது. முனை இல்லை.

"தங்கச்சி, அது இங்க இல்ல" என்றாள் அவள். "பாய் கால்லதான் இருக்குது. ஓடு."

ஓடினேன். பாதி ஊக்கை டாக்டர் மேஜைமேல் வைத்தேன். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். எலும்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. எனக்கே தெரிந்தது. எடுத்துவிட்டார்கள். ஆனால் எலும்பு அதற்குள் கெட்டிருந்தது. விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்த பிறகு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "ஊக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பாங்களே அத்தா. எதுக்கு முள்ளுன்னீங்க?"



"உள்ள முறிஞ்சிருக்கும்னு தெரியாதும்மா" என்றார். பிறகு, "ஊக்குன்னா நீ அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லுவ. நாளைக்கு அவுங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

இதற்குத்தான். நாலு பெண்கள் சிரிப்பார்கள் என்பதற்காக ஒரு மனுஷன் காலைக் கொடுத்தான். எங்கள் வீட்டு ஆண்களின் கௌரவம் இவ்வளவு மலிவு, இவ்வளவு விலை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வராந்தாவில் வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. பார்க்காமல் இருக்க முடியவில்லை, தொழில் அப்படி. இரண்டு ஜோடியில் ஊக்கு இருந்தது.

அவர் கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது கோணி விரித்த பெஞ்சில் உட்காரவைத்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அழுதுவிட்டாள். அந்த அக்கா வழக்கம்போலக் குவியலில் கை விட்டு ஒரு செருப்பை எடுத்தாள். அடியில் துருப்பிடித்த ஊக்கு. அதை அவர் கண்ணுக்கு நேராக, ஊக்கோடேயே அரைவைக் கூடையில் போட்டாள். வேண்டுமென்றுதான் போட்டாள். திட்டட்டும் என்று.

அத்தா பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. வெட்டின காலை லுங்கியால் மூடிக்கொண்டு சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லுங்க பாய்" என்றாள் அவள்.

அவர் சொல்லவில்லை. அவள் கூடையிலிருந்து அந்தச் செருப்பைத் தானே எடுத்து ஊக்கைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகும் அவர் எட்டு வருஷம் இருந்தார். அந்தக் கொட்டகையில் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை.