ஆறின கறியும் அன்னப்பூரணியும்

அன்னப்பூரணி என்று பெயரை வைத்துக்கொண்டு வந்த சோற்றைத் திருப்பி அனுப்புகிறாளே என்று தன்னாமுனைப் பள்ளிக்கூட முகாமில் அவளைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. அவள் முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் ஒருவருக்கும் துணிவில்லை. தலையில் கூடை வைத்து வீடு வீடாக மீன் விற்றவள். செவிளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்தையான்" என்று தோணிக்காரன் முகத்திலேயே எறிந்துவிட்டு வருகிற வாய் அது.

கடல் வந்து கல்லடிப் பக்கத்துக் கரையை வாரிக்கொண்டு போனபோது அவளுடைய வீடும் போனது, மகன் துசாந்தனும் போனான். ஆறு வயது. மகள் வதனியை மட்டும் ஒரு பூவரச மரம் பிடித்துவைத்துக் கொடுத்தது. கணவன் சண்டைக்காலத்திலேயே காணாமல் போனவன். ஆக, இந்த உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியது வதனிதான். அந்த வதனியும் முகாமுக்கு வந்த முதல் கிழமையே வயிற்றோட்டத்தில் துவண்டு போனாள். யாரோ புண்ணியவான்கள் திறந்த வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய சோறு. அதைத் தின்ற பாதிப் பேர் ஆசுபத்திரிக்குப் போனார்கள். மகளின் கையில் சேலைன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்னப்பூரணி, திரும்பி வந்ததும் முகாம் குழுவிடம் சொன்னாள்: "இனிமே சாப்பாடு வந்தா நான்தான் பார்ப்பன். நான் ஓம் எண்டாத்தான் இறக்கலாம்."

அடுப்பு மூட்டிச் சமைக்க அப்போது வழியில்லை. மாரிமழை விடவில்லை, விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. பின்கட்டில் தேத்தண்ணிக்கும் குழந்தைகளின் பால்மாவுக்கும் இரண்டு கல்லடுப்பு. அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு புளியந்தீவில் வினாயகமூர்த்தி முதலாளியின் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஓட்டோவில் வரும். சோறு பார்சல் கட்டி, சூடு காக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள். கறிகள் அலுமினியச் சட்டிகளில். பெட்டிக்கும் சட்டிக்கும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பில் பாதியும் மூடியில் பாதியுமாக முதலாளி கையெழுத்து வைத்து, அடுப்பால் இறக்கிய நேரத்தையும் எழுதிவிட வேண்டும். இது சுகாதாரப் பரிசோதகர் அழகரத்தினம் போட்ட ஏற்பாடு.

முதல் நாள் அவரோடு அவளுக்கு ஒரு சண்டை. கறியைத் தொட்டு நக்கிப் பார்க்கப் போனவளை அவர் மறித்துவிட்டார். பழுதாகாத ருசியோடும் வாசத்தோடும் இருக்கிற சோறுகூட ஆளைப் படுக்கையில் போடும், நாக்கை நம்பாதே என்றார். செவிளைப் பார்த்து மீனை அறிகிறவளுக்கு இது ஏறவில்லை. "அப்ப எதை நம்புறது?" என்று கேட்டாள். டேப்பை, நேரத்தை, சூட்டை என்றார். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும், சட்டியில் கை வைத்தால் வைத்த கை நிற்கக் கூடாது. ஆறிப்போய் வந்தால்? டேப் முழுசாக இருந்து, இறக்கி இரண்டு மணித்தியாலம் தாண்டாமல் இருந்தால், உடனே நன்றாகக் கொதிக்கவைத்து உடனே கொடுத்துவிடலாம். ஒருமுறைதான், மிச்சத்தை வைத்து மறுபடி சூடாக்கக் கூடாது. நேரம் தாண்டினாலோ டேப் கழன்றிருந்தாலோ குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

மகளின் கையில் ஏறிய ஊசி நினைவுக்கு வர, அன்னப்பூரணி வாயை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்டதை விடாமல் பிடித்தும் கொண்டாள். முகத்தில் ஆவி அடிக்கிற அந்த நேரம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கண் கலங்கும். துசாந்தன் சூடில்லாத சோற்றைத் தொடமாட்டான். தட்டைத் தள்ளிவிட்டு, "ஆறிப் போச்சும்மா" என்று உதட்டைப் பிதுக்குவான்.

கடல் வந்த முப்பத்தோராம் நாள் விடிந்தது. முகாமில் எல்லாருக்கும் ஒரே முப்பத்தோராம் நாள். செத்தவர்களுக்கு அமுது படைக்க வேண்டும். படைக்கச் சொந்தச் சட்டியும் இல்லை, சொந்த அடுப்பும் இல்லை. வருகிற கடைச் சோற்றில்தான் படைப்பது என்று பெண்கள் முடிவெடுத்து, ஒரு வகுப்பறையைக் கழுவி, வாழையிலை விரித்துக் காத்திருந்தார்கள். மீன்குழம்பு வேண்டுமென்று முதலாளியிடம் சொல்லியும் விட்டிருந்தார்கள். அன்னப்பூரணி அந்த வகுப்பறைப் பக்கமே போகவில்லை. மகனுக்கு இலை போட்டால் அவன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கரைப் பக்கம் போகவும் அவள் இன்னும் மனம் வைக்கவில்லை. போகட்டும், வயிறு இருக்கிறவர்களைப் பார்ப்போம் என்று வாசலில் நின்றாள்.

ஓட்டோ பிந்தித்தான் வந்தது. ஓட்டிவந்தது கனகசிங்கம். அவரும் கடலுக்கு மனைவியைக் கொடுத்தவர். முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை இது. ஏற்கெனவே இரண்டு தரம் பிந்தி, இன்னொரு தரம் முறைப்பாடு வந்தால் நிற்பாட்டிவிடுவேன் என்று முதலாளி எச்சரித்திருந்தது முகாமுக்கே தெரியும்.

"செக் பொயிண்டில மறிச்சிட்டாங்கள், தங்கச்சி" என்றார், அவள் கேட்காமலே.

அன்னப்பூரணி சட்டியில் கை வைத்தாள். வைத்த கை வைத்தபடி நின்றது. சோற்றுப் பெட்டியைத் தொட்டாள், பருப்பைத் தொட்டாள், கத்தரிக்காயைத் தொட்டாள். எல்லாம் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரின் சூடு. டேப்பில் பதினொன்றரை என்று எழுதியிருந்தது. அலுவலக மணிக்கூட்டில் ஒன்றாக இன்னும் கொஞ்சம்தான். சரி, கொதிக்கவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே மீன்குழம்புச் சட்டியைத் திருப்பினாள். கையெழுத்தின் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமுமாக விலகி நின்றன. யாரோ டேப்பைக் கிளப்பி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். சட்டியின் அடியில் மணல். தன்னாமுனைச் சேறு அல்ல, புளியந்தீவுத் தார்த்தெருப் புழுதியும் அல்ல. வெள்ளைக் கடல்மணல். கனகசிங்கம் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து ஓரத்திலும் அதே மணல்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அண்ணன், கரைக்குப் போனீங்களா?"

அவர் தலையைக் குனிந்தார். மறைக்கத் தெரியாத மனிசன்.

"ஓம் தங்கச்சி. இண்டைக்கு அவளுக்கு அமுது. ஆரும் தொடாத முதல் சோறு வைக்கோணும். பார்சல் ஒண்டை நானே வாங்கினன். மீனும் வைக்காட்டி என்ன அமுது? குழம்பை இஞ்ச கொண்டுவந்து இறக்கினா மத்தவங்க தொட்டிருவாங்களே. அதான் வழியில திறந்து ரெண்டு துண்டை எடுத்து இலையில வைச்சன். மீன் எண்டா அவளுக்கு உசிர்."

"பெட்டியையும் மற்றச் சட்டிகளையும் திறந்தீங்களா?"

"இல்ல. எங்கட அம்மாளாச்சியாணை, குழம்பை மட்டுந்தான்."

அதற்குள் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சீதேவிப்பிள்ளை முன்னுக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், பொறுமையைக் கடலோடு விட்டுவிட்டு வந்தவள்.

"என்ன புள்ள பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? இலை காயுது. இண்டைக்கு ஒரு நாளைக்கு உன்ர சோதனையை விடன். செத்ததுகளுக்கு வயித்தோட்டம் வராது."

யாரோ அழுதார்கள். பின்னால் நின்ற சின்னதுகள் பசியில் சிணுங்கின. ஒரு கணம் அன்னப்பூரணிக்கும் விட்டுவிடலாம் போலிருந்தது. அந்தக் குழம்பில் வாசத்துக்கும் குறைவில்லை, பார்வைக்கும் குறைவில்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் முடிந்துவிடும். விரல்கூட மூடிவரை போனது. அப்போதுதான் கூட்டத்துக்குள் வதனி நிற்பதைக் கண்டாள். கையில் ஊசி ஏறிய இடம் இன்னும் கறுத்துக் கிடந்தது.

"செத்ததுகளுக்கு வராது, அக்கா. படைச்ச பிறகு அதைத் தின்னப்போறது ஆர்? உயிரோட கிடக்கிற நாமதானே." மூடியிலிருந்து கையை எடுத்தாள். "குழம்பு வேணாம். குழியில கொட்டுங்க. மற்றதெல்லாம் முழுசா இருக்கு, நேரமும் தாண்டேல்ல. ஓடிப்போய் அடுப்பை மூட்டுங்க. பிள்ளைகளுக்கு இப்ப பிஸ்கற் குடுங்க. கெதியா, நிண்டா நேரம் போகும்."

சீதேவிப்பிள்ளை அவளை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விறகு தூக்கப் போனாள். பருப்பு நடுவிலும் ஓரத்திலும் குமிழி வெடிக்கக் கொதித்தது. கத்தரிக்காயும் அப்படியே. பார்சல்களைப் பிரித்துச் சோற்றைப் பெரிய கிடாரத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து மூடி, திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும்வரை கிளறினார்கள். கனகசிங்கம் பின்வளவில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். மீன் இல்லாமல்தான் அன்றைக்கு அமுது படைத்தார்கள். சூடு ஆறுமுன்னே எல்லாரும் இருந்து சாப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் அன்னப்பூரணி கனகசிங்கத்தின் ஓட்டோவிலேயே ஏறிப் புளியந்தீவுக்குப் போனாள். முறைப்பாடு சொல்லத்தான் போகிறாள், மனிசனின் வேலை போச்சு என்று முகாமே நினைத்தது. கனகசிங்கமும் அப்படித்தான் நினைத்தார்.

நடந்ததை அவள் முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னாள். வினாயகமூர்த்தி கல்லாவிலிருந்து எழும்பிவிட்டார். "நான் கையெழுத்து வைச்ச சட்டியைத் திறந்தவனா? இவன் இனி வேணாம்!"

"முதலாளி, இருங்க. பிழை அவரிலயும்தான், எங்களிலயும்தான். செத்ததுகளுக்கு முதல் சோறு வேணும் எண்டு நமக்கு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு ஒரு வழி ஆரும் செய்து குடுக்கேல்ல. பானை இறக்கினதும் முதல் அகப்பையை வேற ஒரு சின்னச் சட்டியில போட்டு, அதுக்கும் டேப் ஒட்டித் தாங்க. இவர் நேர முகாமுக்கு வரட்டும். எங்கட சாப்பாட்டை இறக்கிப்போட்டு மறுகா கரைக்குப் போகட்டும். இவரை நிப்பாட்டினா நாளைக்கு வாற புதுக்காரன் உண்மையைச் சொல்லுவானா? இவர் சொன்னவர். சொன்னபடியாத்தான் மிச்சச் சோறு எங்கட வயித்துக்குப் போனது."

முதலாளி மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார். அவருடைய தங்கையும் கரையில் போனவள்தான். "நாளைக்கு மீன் நான் தாறன்" என்றார் கடைசியில்.

அடுத்த நாள் ஓட்டோ நேரத்துக்கு வந்து நின்றது. அன்னப்பூரணி டேப்பைப் பார்த்தாள், கையெழுத்துப் பொருந்தி இருந்தது. சட்டியில் கை வைத்து, "ஊ" என்று உதறிக்கொண்டாள். பின்னால் நின்ற சீதேவிப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் இறக்கிய பிறகு முன் ஆசனத்தில் ஒரு சின்னச் சட்டி மட்டும் மிஞ்சி இருந்தது, டேப் ஒட்டி, நேரம் எழுதி. அவள் அதையும் விடவில்லை. கையெழுத்தைப் பார்த்தாள், உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். கை அதில் நிற்கவில்லை.

"போயிற்று வாறன், தங்கச்சி" என்று கனகசிங்கம் ஓட்டோவை உயிர்ப்பித்தார்.

அவள் விலகவில்லை. வதனியைக் கூப்பிட்டுச் சீதேவிப்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுத்தாள். பிறகு ஏறி இருந்து, சட்டியை முந்தானையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கெதியா விடுங்க, அண்ணன்" என்றாள். "ஆறினா என்ர பிள்ளை தின்னமாட்டான்."