சட்டியில் வறுத்த மணல்

நன்னிலம் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலம். அதன் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. விடியும்போது வானம் வெளுத்துவிட்டது. ஆனால் கொள்ளிடத்து மணல் குவியல் மேல் போட்டிருந்த தார்ப்பாயைக் காற்று தூக்கிப் பக்கத்து நாற்றங்காலில் எறிந்திருந்தது. ஜல்லியின் தார்ப்பாய் மட்டும் பத்திரமாக இருந்தது.

நான் அந்த வேலையின் சைட் இன்ஜினியர். தனியாகப் பொறுப்பேற்ற முதல் தளம் அது. அம்மா இதே டெல்டாவில் நடவுக்குப் போனவள். கான்கிரீட் போடப் போகிறேன் என்று போனில் சொன்னால், "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பாள்.

வேலையை நடத்தியவர் ஒரு மேஸ்திரி. ஐம்பது வயதைத் தாண்டியவர், கோபக்காரர். ஆட்களுக்குச் சமைத்துப் போட்டது அவர் மனைவி. என்னை மேஸ்திரி "மேடம்" என்பார். அந்த அக்காவுக்கு நான் "பாப்பா".

ஒரு மூட்டை சிமெண்ட் ஐம்பது கிலோ. எங்கள் கலவையில் தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் சரிபாதி. அதாவது மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டர். கூடவே மணல் நூறு கிலோ, ஜல்லி நூற்றறுபது கிலோ. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக ஒரு பிளாட்பாரத் தராசைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். மேஸ்திரிக்கு அந்தத் தராசைக் கண்டாலே ஆகாது.

ஏழரை மணிக்கு மிக்சர் ஓடியது. முதல் மூட்டைக்கு நானே நின்று இருபத்தைந்து லிட்டர் அளந்து ஊற்றச் சொன்னேன். பதம் பார்க்கக் கலவையை இரும்புக் கூம்பில் நிரப்பிக் குத்தி, கூம்பைத் தூக்கினேன். ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கி நிற்க வேண்டிய கலவை, பதினாறுக்கும் மேல் இறங்கித் தகட்டில் பரவியது.

"இது கான்கிரீட்டா மேடம்? ரசம்" என்றார் மேஸ்திரி.

ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. தண்ணீரைச் சரியாகத்தான் அளந்தேன், மணலோடு வந்த தண்ணீரை அளக்கவில்லை. கல்லூரியில் பரீட்சை எழுதித் தேறிய கணக்கு அது. முதல் தளத்தன்று மறந்துபோயிற்று.

அந்தக் கலவையைத் தளத்தில் ஊற்றவிடவில்லை. சமையல் கொட்டகை வாசலில் சேறாகக் கிடந்த இடத்தில் கொட்டி மட்டம் செய்யச் சொல்லிவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, ஒரு சட்டி வேணும். மணல் வறுக்கணும்."

"மணலா? பசிக்குதுன்னு சொன்னா இட்லி தர மாட்டேனா பாப்பா?"

சொன்னாரே தவிர, அடுப்பிலிருந்த கடாயை இறக்கிவிட்டு இரும்புச் சட்டியை ஏற்றினார். குவியலின் உள்ளே நாலைந்து இடத்தில் கையை விட்டு எடுத்துக் கலந்த மணலை, பலம் சோதிக்கும் கியூப் அச்சுகளோடு வந்திருந்த சின்னத் தராசில் ஐந்நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தேன். கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அவரே கிளறினார். ரவை வறுக்கிற அதே கை. ஆவி அடங்கியது, மணலின் நிறம் வெளுத்தது.

"ஆச்சு" என்றேன்.

"இன்னும் ஆகல. சத்தத்தக் கேளு. இப்ப சொத சொதங்குது. காஞ்சா சலசலங்கும்."

நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வறுத்தேன். எடை இன்னும் குறைந்தது. அக்கா சொன்னதுதான் சரி. மூன்றாம் முறை குறையவில்லை. நானூற்று எழுபத்தாறு கிராம். ஐந்நூறில் இருபத்து நான்கு கிராம் தண்ணீராகப் போயிருந்தது. காய்ந்த மணலுக்கு ஐந்து சதவீதம் ஈரம்.

அதில் ஒரு சதவீதம் மணல் தனக்குள் குடித்து வைத்துக்கொள்வது. அது சிமெண்டுக்குப் போகாது. மீதி நான்குதான் மணலின் மேல் ஒட்டிக்கொண்டு வந்து கலவையில் சேரும். நூறு கிலோவுக்கு நான்கு லிட்டர். நான் ஊற்றியது இருபத்தைந்து, போய்ச் சேர்ந்தது இருபத்தொன்பது. அதனால்தான் ரசம்.

திரும்பி வந்து மேஸ்திரியிடம் சொன்னேன்: "தண்ணி இருபத்தோரு லிட்டர். மணல் நூத்தி நாலு கிலோ."

"தண்ணியக் குறைக்கிறீங்க சரி. மணல ஏன் கூட்டணும்?"

"நூறு கிலோன்னு நாம அள்ளுறதுல நாலு கிலோ தண்ணிண்ணே. மணல் குறைஞ்சிரும்ல."

அவர் தராசுப் பக்கம் ஆளைக் கைகாட்டி அனுப்பினார். அடுத்த கலவையில் கூம்பைத் தூக்கியபோது எட்டு சென்டிமீட்டர் இறங்கி நின்றது. அவர் மண்வெட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ம்... ஓட்டுங்கடா" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. அந்தக் கலவையிலிருந்து சோதனைக்குக் கியூப் எடுத்து வைத்தேன்.

அறுபது மூட்டை வேலை. பாதி முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பதினொன்றரை மணிக்கு மேஸ்திரி சாரத்திலிருந்து கத்தினார்.

"மேடம், கலவை எறுகுது. கம்பிக்குள்ள எறங்க மாட்டேங்குது. ஒரு ரெண்டு லிட்டர் சேத்து ஊத்தச் சொல்லுங்க."

"கூடாதுண்ணே. இருபத்தொன்னுதான்."

"கீழ ஓட்டை ஓட்டையா தேன்கூடு விழுந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா, இந்தத் தராசா?"

"தண்ணி கூடுனா பலம் போயிரும்!"

"நீங்க பொறக்கும்போதே நான் கான்கிரீட் போட்டவன் மேடம்!"

மிக்சர் நின்றது. ஆட்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். காலையில் ஒரு முறை தவறிவிட்டேன், இப்போது விட்டுக்கொடுத்தால் இனி யார் என் பேச்சைக் கேட்பார்கள் என்ற பயம் எனக்கு. அப்போது கொட்டகையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் கத்துறத விட்டுட்டு மணலக் கொண்டாங்க. அடுப்பு சும்மாதான் கெடக்கு."

அள்ளுகிற இடத்தைப் போய்ப் பார்த்தேன். காலையில் வடபுறம் அள்ளியவர்கள் இப்போது வெயில் படும் பக்கத்துக்கு வந்திருந்தார்கள். மணல் கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. வறுத்தபின் நானூற்று எண்பத்தைந்து கிராம் நின்றது. ஈரம் மூன்றே சதவீதம். கலவைக்குப் போவது இரண்டு லிட்டர்தான். அப்படியானால் ஊற்ற வேண்டியது இருபத்து மூன்று. மணல் நூற்றிரண்டு கிலோ.

மேஸ்திரி கேட்டதும் சரியாக இரண்டு லிட்டர்தான். எந்தச் சட்டியும் இல்லாமல், கரணையைப் பிடித்த கையாலேயே அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

சாரத்தின் கீழே போய் நின்றேன். "அண்ணே, நீங்க சொன்னதுதான். இருபத்திமூனு ஊத்துறோம்."

அவர் கரணையைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு ஊத்தச் சொல்லல மேடம். அளந்து ரெண்டு லிட்டர்னுதான் சொன்னேன்."

"தெரியும்ணே."

அதற்குப் பிறகு மணிக்கு ஒரு முறை அவரே ஆளிடம் மணலைக் கொடுத்துக் கொட்டகைக்கு அனுப்பினார். "வறுத்து வாங்கிட்டு வா, மேடம் கேப்பாங்க." மாலை நாலரைக்குத் தளம் முடிந்தது. அன்று எல்லோருக்கும் சாப்பாடு தாமதம். சாம்பாரில் மணல் நறநறத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா விட்டிருக்க மாட்டார்.

இருபத்தெட்டாம் நாள் தஞ்சாவூர் ஆய்வகத்தில் கியூப்களை உடைத்தார்கள். காலைக் கலவையில் எடுத்ததும், மதியம் இருபத்து மூன்று லிட்டர் ஊற்றிய கலவையில் எடுத்ததும் பக்கத்துப் பக்கத்து எண்களைக் காட்டின. இரண்டுமே வேண்டிய பலத்துக்கு மேல். ஊற்றிய தண்ணீர் வேறு வேறு, சிமெண்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றே. தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தளத்தைத் தாங்கியிருந்த முட்டுகளைப் பிரித்தோம். வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர். மேஸ்திரி உள்ளே இறங்கி, தளத்தின் அடிப்பக்கத்தை முழுதும் கையால் தடவிப் பார்த்தார். ஒரு ஓட்டை இல்லை. மேலே நின்ற மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இங்க எறங்கி வந்து பாரு."

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து இறங்கினார். அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்கா அவ்ளோ சண்ட போட்டீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஆமாக்கா" என்றேன். மேஸ்திரி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரையேறி, எங்கள் இருவருக்கும் மேலே ஏறக் கை கொடுத்தார்.