தாத்தா பெயரில் ஒரு இணையக் கடை

எங்கள் தோட்டத்தில் எல்லாமே தாத்தாவின் பெயரில்தான் இருந்தது. பட்டா, காப்பி வாரியப் பதிவு, கரண்டு இணைப்பு, கூடத்து டெலிபோன், ஜீப்பின் ஆர்.சி. புத்தகம். தாத்தா இறந்து அப்போது பதினொரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டி வாழ்ந்தார்கள். பெயரை மாற்றப் போனால் வாரிசுச் சான்று கேட்பார்கள், வாரிசுச் சான்று வந்தால் பங்குப் பேச்சு வரும். அதனால் யாரும் எதையும் மாற்றவில்லை. தாத்தாவின் கையெழுத்து தேவைப்பட்ட இடங்களில் அப்பா போட்டுவிடுவார். கரண்டு ஆபீஸ் படிவங்களில் அதை நானே பார்த்திருக்கிறேன். தப்பாகவே தோன்றியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், சேலத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்து, மலைமேல் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். காப்பி விலை சரிந்துகொண்டிருந்தது. தோட்டத்தை வாங்கி காட்டேஜ் கட்ட சேலத்திலிருந்து ஒருவர் வந்து வந்து போனார். சித்தப்பாவுக்கு விற்றுவிட ஆசை, அப்பாவுக்கு மனமில்லை. நம் காப்பித் தூளையும் மிளகையும் நாமே இணையத்தில் விற்கலாம் என்று நான் சொன்னது அப்போதுதான்.

சித்தப்பா சிரித்தார். "கம்ப்யூட்டர்ல காப்பி வாசம் வருமா கண்ணு?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சரி, பண்ணிப் பாரு. காப்பிப் பழம் பறிச்சு முடியற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. அதுக்குள்ள ஒண்ணும் ஆவலீன்னா, விக்கறதுக்கு உங்கப்பன் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும்."

எனக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்: ஒரு பறிப்புக் காலம்.

நான் எதையும் பட்டியல் போட்டுத்தான் தொடங்குவேன். நோட்டின் முதல் பக்கத்தில், கடையின் முகவரியாகப் பதிய இணையப் பெயர்கள் எட்டு எழுதினேன். சேலத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடியதில் ஏழு ஏற்கெனவே போயிருந்தன. மலையின் பெயரை எங்கோ ஒரு தேசத்தில் யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். மிஞ்சியது எட்டாவது, எங்கள் எஸ்டேட்டின் பெயரோடு காப்பி என்பதைச் சேர்த்தது. டாட் கோ டாட் இன் என்று இந்தியாவுக்கான முடிவு வைத்துப் பதிய அன்று கம்பெனிப் பத்திரங்கள் கேட்டார்கள், எங்களிடம் கம்பெனி கிடையாது. டாட் காமுக்கு எந்தப் பத்திரமும் வேண்டாம், ஒரு படிவத்தை நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

உரிமையாளர் பெயர் என்ற வரியில் கை நின்றது. அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். அவர் களத்தில் பழத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

"என்ற பேர்ல வேண்டாம். நான் தனிக்கடை போட்டுட்டேன்னு உன்ற சித்தப்பன் சொல்லுவான். அய்யன் பேர்லயே போட்டுரு." அவருக்கு அய்யன், எனக்கு அப்பாரு: தாத்தாவைத்தான் சொன்னார்.

"அப்பாரு இல்லீங்களேப்பா."

"இல்லாட்டி என்ன? கரண்டு வரலியா? போனு அடிக்கலியா?"

பெயரைப் பதிவு செய்து தந்தவர்கள் எதையும் சரிபார்க்கவில்லை. இரண்டு நாளில், தாத்தாவின் பெயர் சொல்லி, இரண்டு வருடத்துக்கு இந்தப் பெயர் உங்களுடையது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைக் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சித்தப்பாவின் முகம்கூட மலர்ந்தது. "அய்யன் அமெரிக்கா வரைக்கும் போயிட்டாரு போ" என்றார்.

அடுத்த பக்கம், கடைப் பக்கங்களை வைக்க ஒரு சர்வரில் இடம் பிடிப்பது. சென்னையில் ஒருவர் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் அவருடைய சர்வரில் நூறு தளங்களுக்கு ஒரே ஐ.பி. எண், நூறு வீட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி. பாதுகாப்புச் சான்றிதழ் போட வேண்டுமானால் அந்தக் காலத்தில் ஒரு தளத்துக்குத் தனி எண் வேண்டும். அதனால் அமெரிக்காவில் இருந்த ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். தனி எண் தந்தார்கள், மின்னஞ்சல் அனுப்பினால் மறுநாள் பதில் வந்தது.

மூன்றாவது, சான்றிதழ். கார்டு பணத்தை வாங்கித் தரும் சென்னை நிறுவனம் அது இல்லாமல் எங்களைச் சேர்த்துக்கொள்ளாது. சர்வர் நிறுவனத்தின் பொதுச் சான்றிதழைப் பயன்படுத்தலாமா என்று அந்தச் சென்னைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஆர்டர் பக்கம் உங்கள் சொந்தப் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்கு இப்படி விளக்கினேன்: "அது ரெண்டு வேலை செய்யுதுங்கப்பா. வாங்கறவங்க கார்டு நம்பர வழியில யாரும் படிக்க முடியாம பூட்டி அனுப்புது. அப்புறம், இந்தக் கடை இன்னாரோடதுதான்னு நமக்காக ஒருத்தர் சாட்சி சொல்றாங்க."

"சாட்சியா? நம்மளத் தெரியாதவன் எப்படிச் சாட்சி சொல்லுவான்?"

"காயிதத்தப் பாத்துத்தான்."

காகிதத்தில்தான் மாட்டினோம். பாக்கெட் வியாபாரத்துக்கான விற்பனை வரிப் பதிவு மட்டும் அப்பா பெயரில் இருந்தது. அந்த ஆபீசுக்கு உயிரோடு ஒருவர் நேரில் போய் நிற்க வேண்டியிருந்ததால் வந்த விதிவிலக்கு அது. சர்வர்க்காரர்கள் அந்தப் பூட்டுக்கான சாவியை உருவாக்கி, அதோடு தந்த விண்ணப்பத்தில் அப்பாவின் வியாபாரப் பெயரைக் கொடுத்தேன். சாட்சி சொல்ல வேண்டிய சான்றிதழ் நிறுவனம் இணையப் பெயரின் பதிவைத் திறந்து பார்த்தது. அங்கே இருந்தது தாத்தாவின் பெயர். இணையப் பெயரின் சொந்தக்காரர், இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி தருவதாகக் கையெழுத்திட்ட கடிதம் அனுப்ப வேண்டும் என்று எழுதினார்கள்.

அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கும். பன்னிரண்டாவது வளைவுக்குள் எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. சித்தப்பாவிடம் சொல்லி வாரிசுகள் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுப்பது. இந்தப் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரில் வேறொன்று பதிவது. மூன்றாவதை நான் எழுதிக்கொள்ளவில்லை, அப்பாதான் சொன்னார்.

"அய்யன் கையெழுத்துத்தானே? குடு."

"இது கரண்டு ஆபீஸ் இல்லீங்கப்பா."

"கேட்டது கையெழுத்து. அதக் குடுத்துட்டாப் போச்சு. உன்ற சித்தப்பங்கிட்டப் போயி வாரிசுன்னு நின்னா, நாளைக்கே பங்கு கேப்பான். பழம் இன்னும் பாதி செடியில இருக்குது."

நான் மறுத்திருக்கலாம். கடிதத்தை அடித்தவளே நான்தான். கூப்பிட்டு உறுதி செய்ய ஒரு போன் எண் கேட்டிருந்தார்கள். பாக்கெட் போடும் ஷெட்டில் அப்பா பெயரில் வாங்கியிருந்த புது போனின் எண்ணைக் கொடுத்தேன். அழைப்பு வந்தால் அப்பா எடுத்து, தாத்தாவாக, ஆமாம் நான்தான் என்று சொல்ல வேண்டும். எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்கு எழுதிக் கொடுத்தேன். ஒண்டிக்கடையில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஃபேக்ஸ் போனது. இயந்திரம் தாளை இழுத்துக்கொண்டபோது, நீல மையில் அப்பா போட்ட அந்தக் கையெழுத்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். போன் அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அப்பா பறிப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நாம் கொடுக்கிற எண்ணை அவர்கள் நம்புவதில்லை என்பது எனக்குத் தெரியாது. சொந்தக்காரரின் பெயரை டெலிபோன் டைரக்டரியில் தேடி, அதில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஏமாற்றுக்காரன் தன் எண்ணைத் தானே கொடுப்பான் அல்லவா. டைரக்டரியில் தாத்தாவின் பெயருக்கு நேரே இருந்தது கூடத்து போன். அன்று காலை பத்தரை மணிக்கு அது அடித்தபோது அப்பா தோட்டத்தில் இருந்தார், நான் ஷெட்டில் இருந்தேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது சித்தப்பா.

எடுத்தவர் என்ன பேசினார் என்று சித்தி பிறகு சொன்னாள். சான்றிதழ் நிறுவனத்தின் சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண் நல்ல தமிழில் தாத்தாவின் பெயரைச் சொல்லி, அவரோடு பேச வேண்டும் என்றிருக்கிறாள்.

"ஏனுங்க, அவரு போயிப் பதினோரு வருசமாச்சுங்களே" என்றாராம் சித்தப்பா.

அந்தப் பெண், போன வெள்ளிக்கிழமை தேதியிட்டு அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் தன் மேசையில் இருப்பதாகச் சொன்னாளாம்.

சித்தப்பா ஷெட்டுக்கு வந்தபோது கத்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அது அவர் வழக்கமே அல்ல. என்னைப் பார்க்காமல், தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணா, இன்னும் எத்தன காயிதத்துல அய்யன் கையெழுத்துப் போட்டிருக்கறீங்க?"

"கரண்டுக்குப் போட்டேன். உனக்கும் சேத்துத்தானடா வெளக்கு எரியுது."

"நான் கேட்டது எத்தனன்னு."

அப்பா குனிந்து கீழே கிடந்த பாக்கெட்டுகளை அடுக்கினார். அவருக்கே எண்ணிக்கை தெரியாது என்று நினைக்கிறேன். வேறு பத்திரம் எதிலோ போட்டதை மறைக்கிறார் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

"சித்தப்பா, கடுதாசிய அடிச்சது நானுங்க" என்றேன்.

"நீ படிச்ச புள்ள கண்ணு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சான்றிதழ் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு வரிக் கடிதம், காரணம் மட்டும் இருந்தது. அதே வாரம் சித்தப்பா தாசில்தார் ஆபீசுக்குப் போய் வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தார். பதினொரு வருடம் யாரும் செய்யாத வேலை. பறிப்பு முடிவதற்குள் சர்வேயர் வந்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே அளவுச் சங்கிலி பிடித்தார். எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரங்களில் சுண்ணாம்பு வளையம் அடித்தார்கள். வீடும் பாதையோரத் தோட்டமும் எஸ்டேட் பெயர்ப் பலகையும் சித்தப்பாவுக்கு. ஷெட்டும் கீழ்ச்சரிவும் எங்களுக்கு. அந்த வருடப் பழம் வழக்கம் போல வியாபாரிக்கே போனது. சித்தப்பா விற்றுவிட்ட மேல்பாதியில் காட்டேஜுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். குழியிலிருந்து வந்த செம்மண்ணை மழை எங்கள் சரிவுக்குத்தான் கொண்டுவந்தது.

வேடிக்கை என்னவென்றால், பாகப் பத்திரம் கைக்கு வந்தபின் எல்லாக் காகிதமும் சரியாகிவிட்டது. வாரிசுச் சான்றைக் காட்டி இணையப் பெயரையும் அப்பா பெயருக்கு மாற்றியிருக்கலாம். பிறகு விண்ணப்பித்தால் சான்றிதழ் கிடைத்திருக்கும். ஆனால் அந்த இணையப் பெயரில் இருந்த எஸ்டேட் இப்போது எங்களுடையது அல்ல. வேறு பெயருக்குப் பட்டியல் போட நான் உட்காரவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனேன்.

இரண்டு வருடம் முடியும் சமயம், விடுமுறைக்கு வந்திருந்தபோது, சேலத்தில் மின்னஞ்சலைத் திறந்தேன். தாத்தாவின் முழுப் பெயரைச் சொல்லி, மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கும் ஒரு கடிதம். உங்கள் பெயரின் காலம் முடிகிறது, புதுப்பிக்க விரும்பினால் தெரிவியுங்கள். அச்செடுத்து எடுத்துப் போனேன்.

அப்பா ஷெட்டின் முன்னால் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டோடு இரண்டு அறை சேர்த்துக் கட்டி, அப்பாவும் அம்மாவும் அதிலேயேதான் குடியிருந்தார்கள். தாளை வாங்கி, கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்து, தாத்தாவின் பெயரை மட்டும் கண்டுபிடித்தார்.

"என்ன கேக்கறாங்க?"

"அந்தப் பேரு இன்னும் வேணுமான்னு கேக்கறாங்கப்பா."

"கையெழுத்து வேணுமா?"

"வேண்டாங்க. பதில் போடாம இருந்தாலே போயிரும்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிளகைத் திருப்பிவிடப் போனார். நான் பதில் போடவில்லை.