மேடு என்று எழுதினேன்

பழைய கைக்கடிகாரங்களை வாங்கி விற்கும் கடையில், படத்தைப் பார்த்து அசலா போலியா என்று சொல்வது என் வேலை. வாடிக்கையாளர்கள் கடிகாரத்தின் பின்மூடியை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புவார்கள். அதில் கம்பெனிப் பெயர், எண்கள் எல்லாம் எப்படிப் பொறிக்கப்பட்டிருக்கின்றன என்று பெரிதாக்கிப் பார்த்து, நான் எழுதிக் கொடுப்பேன். எனக்குக் கழுகுக் கண் என்று கடையில் பெயர். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் கடிகாரப் படம் வந்தது. ஓய்வுபெற்றபோது கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. பேரன் கல்யாணத்துக்குப் பரிசாகத் தர வேண்டும், அசல்தானா என்று சொன்னால் போதும் என்று அவர் மகள் எழுதியிருந்தாள்.

அந்த மாடலின் அசலில் எழுத்துகள் உலோகத்துக்குள் பள்ளமாக இறங்கியிருக்கும். படத்தில் அவை மேடாகப் புடைத்துக்கொண்டிருந்தன. ஓரங்களும் மழுங்கியிருந்தன. எழுத்துகள் மேடாக இருக்கின்றன, அச்சில் வார்த்த போலி என்று எழுதிவிட்டேன். ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, வெளிச்சத்தை வேறு பக்கம் வைத்து இன்னொரு படம் கேட்க வேண்டும். இது எங்கள் கடையின் விதி, எழுதியவளே நான்தான். அன்றைக்குச் சோம்பல். சோம்பலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, "அச்சில் வார்த்த மலிவுச் சரக்கு, செய்தவன் பெரிதாக மெனக்கெடவும் இல்லை" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பெரியவர் கடிகாரத்தோடு கடைக்கே வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பின்மூடியை மேலே திருப்பி மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சம் விரல் வெச்சுப் பாரும்மா" என்றார்.

என் நகம் எழுத்துக்குள் இறங்கியது. பள்ளம்.

கணினியில் அந்தப் படத்தைத் திறந்து தலைகீழாகத் திருப்பினேன். புடைத்திருந்த எழுத்துகள் எல்லாம் பொசுக்கென்று உள்ளே போய்விட்டன. வெளிச்சம் மேலிருந்து விழுவதாகத்தான் நம் கண் நினைத்துக்கொள்கிறது. கீழ்ப்பக்கமிருந்து விழுந்தால் பள்ளம் மேடாகத் தெரியும். மகள் ஜன்னலோரம் வைத்து எடுத்திருக்கிறாள், ஜன்னல் வெளிச்சம் படத்தின் கீழ்ப்பக்கமிருந்து விழுந்திருக்கிறது. இதைவிட மோசம், மூடியைத் திறக்கச் சாவி மாட்டும் ஆறு குழிகளும் அதே படத்தில் கொப்புளம்போல நின்றன. குழி எங்காவது கொப்புளமாக இருக்குமா? அதைப் பார்த்திருந்தாலே போதும். ஓரங்கள் மழுங்கியதுகூட, எப்போதோ ரிப்பேர்க்காரர் பாலிஷ் போட்டதால்தான்.

"அசல்தான் ஸார். தப்பு என்னோடது" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. "இதை வாங்கிட்டு வந்தவன் என் சிநேகிதன்மா. எல்லார்கிட்டயும் பணம் சேத்து அவன்தான் வாங்கினான். உங்க காகிதத்தை எடுத்துட்டுப் போய், அவன் மருமக எதிர்லயே கேட்டுட்டேன், ஏண்டா இப்படிப் பண்ணேன்னு. அவன் ஒரு வார்த்தை பேசலை. இப்ப தெருவுல என்னைப் பாத்தா எதிர்ச் சாரிக்குப் போயிடறான். நீங்க வந்து சொல்லணும்."

அக்ரஹாரத்தில், கோயிலை ஒட்டிய சந்தில் அந்த நண்பர் வீடு. பெரியவர் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். நான் மேலே ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் கைப்பேசியில் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அந்த மலிவுச் சரக்கு வரிக்கும் மன்னிப்புக் கேட்டேன்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க என்னைப் பாத்ததே இல்லை. தப்பாச் சொன்னா அதுல என்ன இருக்கு, பரவால்லம்மா" என்றார். பிறகு என் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தார். "அவன் முப்பது வருஷம் என் பக்கத்து மெஷின்ல நின்னவன்."

அவர் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று என்னை மட்டும் கேட்டார். வேண்டாம் என்று இறங்கி வந்தேன். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தெருமுனைவரை கூடவே நடந்து வந்து, எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். "இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே, ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.